"நமக்குள்ளே என்ன பேப்பர்?"





மச்சான் மச்சானுக்கு கார் விற்கிறார். சிறிய தந்தை அண்ணன் மகனுக்கு விற்கிறார். ஒரே ஸஃப்பில் நின்று தொழும் நண்பர் நண்பருக்கு விற்கிறார். பணம் கைமாறுகிறது, சாவி கைமாறுகிறது. ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் பெயர் மாறுவதில்லை. யாரேனும் அதைப் பற்றிக் கேட்டால், "நமக்குள்ளே என்ன பேப்பர்?" என்ற ஒரே வாக்கியத்தில் அவர் வாயை அடைத்துவிடுகிறோம். கேட்டவர் ஏதோ அவமரியாதை செய்துவிட்டதைப் போலத் தலைகுனிகிறார். இந்த வாக்கியத்தை நம் குடும்பங்களிலிருந்து அகற்ற வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை. இது கேட்பதற்கு அன்பாக ஒலிக்கிறது. ஆனால் இதன் சுமை முழுவதும் பெரும்பாலும் விற்ற உறவினரின் தலையிலேயே விழுகிறது.

பத்திரம் கேட்பது நம்பிக்கையின்மை என்று வாதிடுவோருக்கு மார்க்கத்திலிருந்தே விடை உண்டு. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனமான 2:282, தவணையுள்ள கடனை எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் வசனம்தான். தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்படைய வேண்டாம் என்றும் அது அறிவுறுத்துகிறது. உறவினரை அதில் விலக்கவில்லை. "அதே வசனத்தில், கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்றும் இருக்கிறதே" என்று சிலர் மறுமொழி கூறுவர். உண்மைதான். ஆனால் அங்கேயும் விற்கும்போது சாட்சி வைக்குமாறு கூறப்பட்டிருப்பதை அவர்கள் வாசிக்காமல் விட்டுவிடுகின்றனர். கார் விற்பனை கைக்குக் கை முடியும் வியாபாரமே அன்று. ஒரு கிலோ பேரீச்சம்பழம் வாங்கினால் கடையைவிட்டு வெளியேறும்போதே கணக்கு முடிந்துவிடும். காரோ, பதிவேட்டில் பெயர் மாறும் வரை சட்டத்தின் பார்வையில் விற்றவருடையதாகவே நிற்கும். மீதித்தொகையைப் பிறகு தருவதாகச் சொல்லியிருந்தால் அது தவணையுள்ள கடனாகவே ஆகிவிடுகிறது. வசனத்தின் விதிவிலக்கில் நுழைய முயன்றவர், அதன் கட்டளைக்குள்தான் வந்து நிற்கிறார்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களுக்கும் அத்தாஉ பின் காலித் (ரலி) அவர்களுக்கும் இடையே நடந்த ஒரு விற்பனை எழுத்தில் பதிவானது என்றும், மறைக்கப்பட்ட குறை ஏதுமில்லை என்பது அதில் குறிக்கப்பட்டது என்றும் ஹதீஸ் நூல்களில் வந்துள்ளது. 'அல்அமீன்' என்று எதிரிகளும் அழைத்த ஒருவரின் வியாபாரத்திற்கே எழுத்து இருந்தது. நம் மச்சானுக்கு மட்டும் அது எப்படி அவமதிப்பாகும்?

வாதத்தை இத்துடன் நிறுத்தி, நடப்பில் என்ன ஆகிறது என்று பார்ப்போம். கடலோர ஊர் ஒன்றில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். துபாயில் பணிபுரியும் ஒருவர் விடுமுறையில் வருகிறார். தம் காரை நான்கு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்குத் தங்கையின் கணவரிடம் விற்கிறார். மூன்று லட்சம் கையில்; மீதம் மாதம் பத்தாயிரமாகப் பன்னிரண்டு மாதத்தில். தங்கைக்கு மகிழ்ச்சி, உம்மாவுக்கு அதைவிட மகிழ்ச்சி. "காக்கா, பெயர் மாற்ற என்ன செய்யணும்?" என்று தங்கை கேட்கிறாள். "அடுத்த லீவில் பார்த்துக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் விமானம் ஏறுகிறார்.

எட்டு மாதங்கள் கழித்து காரின் காப்பீடு முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லும் குறுஞ்செய்தி விற்றவரின் இந்திய எண்ணுக்கு வருகிறது. அந்த எண் அலமாரியில், அணைந்த தொலைபேசிக்குள் கிடக்கிறது. மச்சான் புதுப்பித்திருப்பார் என்று இவரும், வண்டி அவர் பெயரில்தானே இருக்கிறது, அவரே பார்த்துக்கொள்வார் என்று அவரும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். இருவருமே நல்லவர்கள் என்பதைக் கவனியுங்கள். இதில் ஏமாற்றியவர் ஒருவரும் இல்லை. அடுத்த மாதம் சந்தைக்கு அருகில் அந்தக் கார் ஒரு சைக்கிளில் மோதுகிறது. அடிபட்டவர் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தவர். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதிவாகிறது. காப்பீடு இல்லாததால் இழப்பீட்டை நிறுவனம் தராது. அறிவிப்பு யார் வீட்டுக் கதவைத் தட்டும்? துபாயில் இருக்கும் பதிவு உரிமையாளரின் வீட்டை. அதை வாங்கிப் படிப்பவர் அந்த வயதான உம்மா.

"நான் ஒன்பது மாதத்திற்கு முன்பே விற்றுவிட்டேன்" என்று அவர் சொன்னால் தீராதா என்று கேட்கலாம். தீராது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி, யார் பெயரில் வாகனம் பதிவாகியிருக்கிறதோ அவரே பொதுவாக உரிமையாளர். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்திற்கிடமின்றி உறுதிசெய்தது. அந்த வழக்கில் வந்த கார் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து மற்றொருவருக்கு எனப் பல கைகள் மாறியிருந்தது; பதிவேட்டில் மட்டும் முதலாமவர் பெயரே இருந்தது. 2009-ல் நேர்ந்த விபத்தில் ஒரு சிறுவன் இறந்தான். காரை விற்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தும், இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் இருந்த அந்த முதல் உரிமையாளர் மீதே என்று நீதிமன்றம் தீர்த்தது. பாதிக்கப்பட்ட ஏழைக்குடும்பம், கைமாறிய ஒவ்வொருவரையும் தேடிக்கொண்டு அலைய முடியாது என்பதே அதன் காரணம். நியாயமான காரணம்தான்.

ஆகவே பெயர் மாற்றத்தை வாங்குபவரின் கவலை என்று எண்ணுவது தலைகீழான எண்ணம். மாற்றாமல் விட்டால் முதலில் சிக்குபவர் விற்றவரே. வேக அபராதமும் அவர் பெயரில்தான் வரும். வாகனம் ஏதேனும் குற்றத்தில் பயன்பட்டால் காவல் நிலையத்திலிருந்து முதல் அழைப்பும் அவருக்குத்தான்.

வாங்கியவர் தப்பித்தாரா என்றால் அதுவும் இல்லை. காப்பீடு உயிரோடு இருந்தாலும், விற்பனைக்குப் பின் சட்டப்படி தானாகத் தொடர்வது பிறருக்கு நேரும் இழப்பிற்கான பகுதி மட்டுமே. சொந்தக் காருக்கு நேரும் சேதத்திற்கான பகுதி, நிறுவனத்திடம் தெரிவித்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளாதவருக்குக் கிடைப்பது அரிது. இதைவிட வேதனையானது வேறொன்று. பாலிசியில் உரிமையாளரே வண்டி ஓட்டும்போது இறந்தால் அவர் குடும்பத்திற்குப் பதினைந்து லட்சம் வழங்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறது. அது பதிவு உரிமையாளருக்கே உரியது. மச்சானின் பெயரிலிருக்கும் காரை ஓட்டும்போது அந்தத் தங்கையின் கணவர் இறந்தால், தங்கைக்கு அதிலிருந்து ஒன்றும் வராது. "நமக்குள்ளே" என்று தொடங்கிய அன்பு, கடைசியில் அந்தத் தங்கையையே வெறுங்கையோடு நிறுத்திவிடுகிறது.

இதையெல்லாம் தவிர்க்க வேண்டியிருப்பது மலையளவு வேலையும் அன்று. முதலில் காரின் பதிவு எண்ணை parivahan.gov.in தளத்திலோ mParivahan செயலியிலோ இட்டுப் பாருங்கள். உரிமையாளர் எத்தனையாமவர், காப்பீடு எந்தத் தேதி வரை, வங்கிக் கடன் பதிவாகியிருக்கிறதா என்பவை தெரியும். நிலுவை அபராதம் உண்டா என்பதையும் இணையத்திலேயே பார்த்துவிடலாம். கடன் விஷயத்தில் ஒரு சொல். வட்டிக்கடனில் கார் வாங்கியதை உறவினரிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர் நம்மிடையே இருக்கின்றனர். வெட்கம் நல்லதுதான், ஆனால் அதை வாங்குபவரிடம் மறைப்பதால் பாவம் குறையாது, ஒன்று கூடும். கடன் அடைந்துவிட்டாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் தானாக நீங்குவதில்லை. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து நீக்க வேண்டும். அது நீங்கும் வரை பெயர் மாற்றமும் நகராது.

பிறகு படிவம் 29, படிவம் 30. முன்னது, விற்றுவிட்டேன் என்று விற்பவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தரும் அறிவிப்பு; ஒரே மாநிலத்திற்குள் பதினான்கு நாட்களுக்குள் தர வேண்டும். பின்னது, பெயர் மாற்றத்திற்கான விண்ணப்பம். வாங்குபவருக்கு முப்பது நாட்கள் அவகாசம். இருவரும் சேர்ந்து ஒரே நாளில் விண்ணப்பித்துவிடுவதே மேல். விடுமுறையில் வந்திருப்பவர் விமானச் சீட்டில் உள்ள தேதிக்கு முன் இதை முடித்தாக வேண்டும். போன பிறகு கையொப்பத்திற்கும், பழைய எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.க்கும் அலைவது பெரும்பாடு. எதையும் நிரப்பாமல் கையொப்பம் மட்டும் இட்ட வெற்றுப் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் இருக்கிறதே, அது இன்னும் மோசம். வாங்கியவர் அந்தக் காரை மூன்றாமவருக்கு விற்று, அதே வெற்றுப் படிவத்தையும் கைமாற்றிவிட்டால், நீங்கள் அறியாத ஒருவர் உங்கள் பெயரில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்.

சாவி கொடுக்கும் நாளில் ஒரு வெள்ளைத்தாளில் இருவரும் கையொப்பமிட்டு, இரண்டு சாட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள். பதிவு எண், சேசிஸ் எண், விலை, பெற்ற தொகை, மீதித் தவணை, அறிந்த குறைகள், சாவி கொடுத்த நாளும் நேரமும் அதில் இருக்கட்டும். இத்தாள் பெயர் மாற்றத்திற்கு ஈடாகாது. நோட்டரி முத்திரை குத்தினாலும் ஆகாது. பலர் இங்கேதான் தவறுகின்றனர். ஆனால் அந்த நேரத்திற்கு முந்தைய அபராதம் யாருடையது, மீதித்தொகை எவ்வளவு என்ற சச்சரவை அது தீர்க்கும். விற்றவர் இறந்துபோனால் வாரிசுகளுக்கும் வாங்கியவருக்கும் இடையே பேசப்போவது அந்தத் தாள்தான்.

காப்பீட்டில் 'நோ கிளைம் போனஸ்' என்னும் தள்ளுபடி ஒன்று உண்டு. அது காருக்கு உரியது அன்று, ஆளுக்கு உரியது. விற்றவர் அதைத் தம் அடுத்த காருக்கு எடுத்துச் செல்லலாம். வாங்கியவர் அனுபவிக்க இயலாது. அன்பளிப்பாக விட்டுக்கொடுத்ததாக நினைத்து அப்படியே தொடர்ந்தால், இழப்பீடு கேட்கும் நாளில் இடறும்.

இனி சோதனைக்கு வருவோம். பத்திரத்தை ஒப்புக்கொள்வோரும் இதில் தயங்குகின்றனர். மச்சான் காரின் அடியில் மெக்கானிக் படுத்துப் பார்த்தால் மச்சான் என்ன நினைப்பார்?

சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்ததும், விரல்களில் ஈரம் பட்டதும், மழை நனைத்துவிட்டது என்று விற்றவர் கூறியதும், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்டதும் நாம் அறிந்த செய்திதான். மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற எச்சரிக்கையை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். அதற்கு முந்தைய செயலை மறந்துவிடுகிறோம். அவர்கள் மேற்பரப்பைப் பார்த்துத் திருப்தியடையவில்லை. கையை உள்ளே விட்டார்கள்.

கார் விஷயத்தில் இந்த ஈரம் வெறும் உவமை அன்று. 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னை மூழ்கியிருந்தது. தெருவில் நின்ற கார்களுக்குள் தண்ணீர் புகுந்தது. அவற்றுள் பல கழுவப்பட்டு, காய்ந்து, மீண்டும் ஓடுகின்றன. உரிமையாளர் மறைப்பதாகச் சொல்லவில்லை. "மெக்கானிக் சரிசெய்துவிட்டார்" என்று அவரே நம்புகிறார்; அல்லது அவரே இரண்டாவதாக வாங்கியவர், அவருக்குத் தெரியாது. சோதனை என்பது விற்பவரின் நாணயத்தைச் சோதிப்பது அன்று என்பது இங்கேதான் விளங்கும். அவர் அறியாததை அவர் எப்படிச் சொல்வார்?

தண்ணீர் புகுந்த காரை நீங்களே ஓரளவு கண்டுகொள்ளலாம். சீட் பெல்ட்டை அதன் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாக வெளியே வராத அந்த அடிப்பகுதியை யாரும் கழுவியிருக்கமாட்டார். சேற்றுக் கோடு அங்கே நிற்கும். கால்வைக்கும் இடத்தின் விரிப்பைத் தூக்கி, அதன் அடியிலுள்ள பஞ்சை அழுத்துங்கள். டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழியைத் தடவுங்கள். மணலோ துருவோ ஒட்டலாம். இருக்கை நகரும் தண்டவாளமும் அதன் போல்ட்டுகளும் துருப்பிடித்திருந்தால் காரணம் கேளுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்றாலும் துரு வரும் என்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் வெளியிலும் அடியிலும் பிடிக்கும். காருக்குள்ளே, இருக்கைக்குக் கீழே மட்டும் அதிகமாகத் தெரிந்தால் சந்தேகப்படலாம். அளவுக்கு மிஞ்சிய வாசனைத் திரவியமும் ஒரு சாட்சியே. என்ஜின் உட்பட மற்றவற்றை ஒரு மெக்கானிக்கிடம் விடுங்கள். மின் இணைப்புகளில் பச்சைப் பூப்பு இருக்கிறதா, ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் எரிந்து அணைகிறதா என்று அவர் பார்ப்பார். கணினி இணைத்து வண்டியின் பிழைக்குறிகளைப் படிப்பார். விளக்கு எரியவே இல்லையென்றால், பழுதை மறைக்க யாரோ அதைத் துண்டித்திருக்கவும் கூடும். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும் அவரே பார்த்துச் சொல்லட்டும். இச்சோதனை எல்லாவற்றையும் காட்டிவிடாது. நீர் புகுந்த மின்சுற்று ஓராண்டு கழித்துப் பழுதாவதும் உண்டு. அதனால்தான் 'தண்ணீர் புகுந்ததா' என்ற கேள்வியும், விற்பவரின் விடையும் அந்த வெள்ளைத்தாளில் எழுதப்பட வேண்டும். குறை இருந்தாலும் வாங்கலாம், தவறில்லை. குறைக்கேற்ற விலையில், அறிந்து வாங்க வேண்டும்.

மெக்கானிக்கை விற்பவரே அழைத்துவந்தால் இன்னும் அழகு. "மச்சான், நான் சொல்றதை நம்ப வேண்டாம், நீங்க ஒரு ஆளை வைத்துப் பாருங்க" என்று முதலில் சொல்ல வேண்டியவர் விற்பவர்தான். வாங்குபவரைக் கேட்கும் சங்கடத்தில் தள்ளுவதே ஒரு வகை அழுத்தம். அவர் கேட்கத் தயங்கியதால் கிடைத்த சம்மதத்தை மனமொப்பிய சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

வாப்பாவின் காருக்கும் இதே கவனம் வேண்டும். தந்தை வஃபாத்தானதும், ஊரில் இருக்கும் மகன் அவரது காரை ஒரு நண்பருக்கு விற்றுவிடுகிறார். அந்தக் கார் அவருடையது அன்று. கடன், வஸிய்யத் போக எஞ்சிய சொத்து அனைத்திலும் உம்மாவுக்கும், சகோதரிகளுக்கும், மற்ற வாரிசுகளுக்கும் பங்கு உண்டு. காரும் அதில் அடக்கம். சட்டத்திலும், உரிமையாளர் இறந்ததை முப்பது நாட்களுக்குள் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 மூலம் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அத்தகைய காரை வாங்கும் நண்பர், மணமாகி வேறு ஊரில் இருக்கும் ஒரு சகோதரியின் பங்கை அறியாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

ஏற்கனவே இப்படி விற்றுவிட்டுக் கவலைப்படுவோர், இன்றே தம் பழைய காரின் எண்ணை அச்செயலியில் இட்டுப் பார்க்கட்டும். இன்னும் உங்கள் பெயரே வருகிறதென்றால், வாங்கியவரை அழைத்து ஒரு நாள் குறித்துச் சேர்ந்து விண்ணப்பியுங்கள். அவர் இழுத்தடித்தால், விற்பனைத் தேதியும் வாங்கியவர் முகவரியும் குறித்துப் படிவம் 29-ஐ ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் போக்குவரத்து அலுவலகத்திற்கு அனுப்பி, அதன் நகலைக் காப்பீட்டு நிறுவனத்திற்கும் அனுப்பிவையுங்கள். ஒப்புகையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இதனால் மட்டும் பெயர் மாறிவிடாது, பொறுப்பும் முற்றிலும் நீங்கிவிடாது. ஆனால் உங்கள் பக்கம் ஒரு சான்று பிறக்கும். காப்பீடு முடிந்திருந்தால், பெயர் மாறும் வரை அந்த வண்டியை எடுக்க வேண்டாம் என்று மச்சானிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள்.